கடுங்காப்பியில் வெண்ணெயும் நெய்யும்: ஏன் பிரிகிறது, ருசி எங்கே மாறுகிறது

கேள்வி: பில்டர் டிகாக்ஷனில் பால் விடாமல் வெண்ணெய் போட்டு அடித்துக் குடிக்கலாம் என்கிறார்களே என்று செய்து பார்த்தேன். கரண்டியால் கலக்கினால் எண்ணெய்தான் மிதக்கிறது. மிக்ஸியில் அடித்தால் கொஞ்ச நேரம் நன்றாக இருந்துவிட்டுப் பிரிந்துவிடுகிறது. நெய் போட்டால் அதைவிட மோசம். எதைப் போடலாம், எவ்வளவு, ருசி உண்மையில் எப்படி இருக்க வேண்டும்?

பதில்:

வெண்ணெயும் நெய்யும் ஒன்றே, ஒன்று உருகாதது மற்றது உருகியது என்று நினைத்தால் இந்தக் காபி வராது. கடையில் வாங்கும் வெண்ணெயில் 100 கிராமுக்குக் கொழுப்பு 80 முதல் 82 கிராம். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். ஒன்றிரண்டு கிராம் மட்டும் பாலின் புரதமும் பாலில் கொழுப்புத் துளிகளைச் சுற்றியிருந்த மெல்லிய உறையின் மிச்சமும். இந்த ஒன்றிரண்டு கிராம்தான் காபியில் வேலை செய்கிறது. அடிக்கும்போது கொழுப்பு சின்னஞ்சிறு துளிகளாக உடையும். புரதமும் உறையின் மிச்சமும் அந்தத் துளிகளைச் சுற்றி ஒட்டிக்கொண்டு, ஒரு துளி இன்னொன்றோடு சேராமல் தடுக்கும். நெய் காய்ச்சும்போது நாம் செய்வது என்ன? தண்ணீரை ஆவியாக்குகிறோம், புரதத்தைக் கசண்டாக அடியில் பிடிக்கவிட்டு வடிகட்டி எடுத்துவிடுகிறோம். மிஞ்சுவது ஏறக்குறைய முழுக்கக் கொழுப்பு. துளியைச் சுற்றி நிற்க ஆளில்லை. காபியிலேயே இருக்கும் சில பொருள்கள் கொஞ்சம் துணை செய்யும், ஆனால் அது போதாது. அதனால்தான் நெய்க் காபி சீக்கிரம் பிரிகிறது. உங்கள் கைத்தவறு அல்ல.

இரண்டாவது விஷயம் சூடு. மத்தால் கடைந்தால் தயிரிலிருந்து வெண்ணெய் திரண்டு வருகிறது. அதே கடைதல் காபியில் வெண்ணெயைக் கரையவைக்கிறது என்றால் முரணாகத் தோன்றும். பால் கொழுப்பு முழுக்க உருக ஏறக்குறைய 35 முதல் 40 டிகிரி சூடு வேண்டும். அதற்குக் கீழே கொழுப்பு பாதி இறுகியும் பாதி இளகியும் இருக்கும். அந்த நிலையில் அடித்தால் துளிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரளும். மோர் கடைபவர்கள் குளிர்ந்த தண்ணீர் விடுவது இதற்குத்தான். முழுக்க உருகிய நிலையில் அடித்தால் மட்டுமே உடைந்து சிதறும். ஆகவே ஆறின காபியில் பிரிட்ஜ் வெண்ணெயைப் போட்டு அடித்தால் நீங்கள் காபி செய்யவில்லை, கசப்பு மோரில் வெண்ணெய் எடுக்கிறீர்கள். கோப்பையின் ஓரத்தில் வெள்ளைப் பொடிப்பொடியாக ஒட்டினால் காரணம் இதுதான்.

சூடு எங்கே போகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 85 டிகிரியில் இருக்கும் 200 மில்லி காபியை, அறைச்சூட்டில் இருக்கும் கனமான எவர்சில்வர் ஜாரில் ஊற்றினாலே பத்து டிகிரி வரை இறங்கிவிடும். பிரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெய் இன்னும் மூன்று நான்கு டிகிரி குடிக்கும். அடிக்கும்போது உள்ளே போகும் காற்றும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அடித்து முடிக்கும்போது 65 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால்தான் மெல்லக் குடிக்க நேரம் கிடைக்கும். ஜாரையும் கோப்பையையும் வெந்நீரில் அலசுங்கள். வெண்ணெயை முன்கூட்டியே வெளியே எடுத்து வையுங்கள். இந்த இரண்டையும் விட்டுவிட்டு அடிக்கும் நேரத்தை மட்டும் கூட்டினால் காபி இன்னும் ஆறத்தான் செய்யும்.

ஒரு கோப்பைக்கான கணக்கு இது. முதல் டிகாக்ஷன் 60 மில்லி, கொதித்து அடங்கிய வெந்நீர் 140 மில்லி, ஆக 200 மில்லி. டிகாக்ஷன் இறங்கி அரைமணி ஆகியிருந்தால், கிண்ணத்தை வெந்நீருக்குள் வைத்துச் சூடேற்றிக்கொள்ளுங்கள். நேரே அடுப்பில் கொதிக்கவிட்டால் மணம் போய்க் கடுப்பேறும். சர்க்கரை வேண்டுமென்றால் இப்போதே ஒரு தேக்கரண்டி கரைத்துவிடுங்கள். உப்பில்லாத வெண்ணெய் 10 கிராம், அதாவது தலை தட்டிய இரண்டு தேக்கரண்டி. 10 கிராம் வெண்ணெயில் கொழுப்பு 8 கிராம். 200 மில்லியில் அது 4 சதவீதம். கடையில் விற்கும் டோன்ட் பாலில் 3 சதவீதம், ஸ்டாண்டர்டைஸ்டு பாலில் 4.5 சதவீதம். ஆகக் கொழுப்பு அளவில் உங்கள் கோப்பை முழுவதும் பாலுக்குச் சமமாகிவிட்டது. பாதி பால் விட்ட வழக்கமான பில்டர் காபியில் இதில் பாதிதான் இருக்கும். நாக்கில் கனம் தெரிய இது போதும்.

இந்தக் காபியைக் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பரப்பியவர் அமெரிக்கரான டேவ் ஆஸ்ப்ரே. திபெத்தில் குடித்த வெண்ணெய்த் தேநீரிலிருந்து எண்ணம் கிடைத்ததாகச் சொல்லி, ‘புல்லட்புரூப்’ என்ற பெயரில் விற்றார். அந்த வழியில் ஒரு கோப்பைக்கு ஒன்று முதல் இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய் அல்லது நெய், அதற்கு மேல் தேங்காயிலிருந்து பிரித்தெடுத்த எண்ணெய். காலை உணவுக்குப் பதிலாக என்ற கணக்கில் அமைந்த அளவு அது. இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய் என்றால் கொழுப்பு ஏறக்குறைய பத்து சதவீதம். அது பாலைத் தாண்டி கிரீம் பக்கம் போய்விட்டது. ருசிக்காகக் குடிப்பவருக்கு அது அதிகம் என்றே சொல்வேன். பாதிக் கோப்பையிலேயே வாய் அடைத்துப்போகும். கொழுப்புக்கு மருத்துவர் பார்க்கிறவர்கள் 10 கிராமுக்குக்கூட அவரைக் கேட்டுவிடுவது நல்லது.

அடிப்பதற்கு வருவோம். நீளமான கம்பி பிளெண்டர் இருந்தால் அதுவே சிறந்தது. ஒடுக்கமான உயரப் பாத்திரத்தில் காபியை விட்டு, வெண்ணெய் முழுக்க உருகும்வரை பதினைந்து விநாடி காத்திருந்து, பிளேடை அடியில் வைத்து ஓட்டத் தொடங்குங்கள். பத்து விநாடி கழித்து மெல்ல மேலே தூக்கி, மிதக்கும் கொழுப்பை உள்ளே இழுத்து, மறுபடி அடிக்குக் கொண்டுபோங்கள். மொத்தம் 20 முதல் 30 விநாடி. நிறம்தான் அடையாளம். கறுப்பாக இருந்தது பால் விட்டதுபோல வெளுக்கும். கொழுப்புத் துளிகள் போதிய அளவு சிறிதாகி ஒளியைச் சிதறடிப்பதால் வரும் வெளுப்பு அது. கறுப்பின் மேல் பொன் நிற வட்டங்கள் மிதந்தால் துளிகள் இன்னும் பெரியவை.

மிக்ஸியில் சூடான காபியை அடிப்பது ஆபத்து. சாதாரண சட்னி ஜார் இறுக மூடும் வகை. சூடான நீர் உள்ளே சிதறியதும் ஜாரிலிருக்கும் காற்று ஒரே நொடியில் சூடேறி விரியும், நீராவியும் சேரும், மூடி தெறிக்கும். மேலே கொழுப்பு இருப்பதால் தெறிக்கும் துளி தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். பல மிக்ஸிகளின் கையேடே சூடான பொருள் வேண்டாம் என்கிறது. வேறு வழியில்லை என்றால், மூடியில் எடுக்கக்கூடிய துளை மூடி உள்ள பெரிய ஜூஸ் ஜாரை எடுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். துளையைத் திறந்து, மடித்த துணியால் லேசாக மூடிப் பிடித்துக்கொண்டு, எடுத்ததும் முழு வேகம் வைக்காமல் விட்டுவிட்டு இரண்டு மூன்று தட்டுத் தட்டிய பிறகு குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள்.

பேட்டரியில் சுழலும் சின்ன நுரைக் கம்பி வெண்ணெய்க்குப் பரவாயில்லை. உடனே குடிப்பவருக்குப் போதும். ஆனால் அது உடைக்கும் துளி பெரிது. துளியின் விட்டம் இரு மடங்கானால் அது மேலே ஏறும் வேகம் நான்கு மடங்காகும். கம்பி பிளெண்டரில் அடித்தது கோப்பை முடியும்வரை நிற்பதும், நுரைக் கம்பியால் அடித்தது பேச்சு நீண்டால் பிரிவதும் இதனால்தான். ஆற்றுவது உதவாது. டபராவில் எத்தனை தடவை ஆற்றினாலும் நுரை வரும், துளி சிறிதாகாது, காபிதான் ஆறும்.

நெய்தான் வேண்டும் என்றால், காய்ச்சும்போது வடித்துவிட்ட புரதத்தைக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி காய்ச்சிய சூடான பாலில், அல்லது அதே அளவு வெந்நீரில் ஒரு தேக்கரண்டி பால் பவுடரைக் கட்டியில்லாமல் கரைத்ததில், ஒன்றரை முதல் இரண்டு தேக்கரண்டி உருகிய நெய்யை விட்டு முதலில் அதை மட்டும் அடியுங்கள். இவ்வளவு குறைந்த அளவுக்கு நுரைக் கம்பியே வசதி. திக்காக, மஞ்சள் கலந்த வெள்ளையாக வரும். பிறகு சூடான டிகாக்ஷனையும் வெந்நீரையும் சேர்த்து இன்னும் பத்து விநாடி. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி அடித்தால், அந்தக் கொஞ்சம் புரதம் கோப்பை முழுக்கப் பரவி, தேவையான இடத்துக்கு வந்து சேர்வதற்குள் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். பாலே கூடாது என்பவர்கள் நெய்யை ஒரு தேக்கரண்டியாகக் குறைத்து, நன்றாக அடித்து, நின்ற இடத்திலேயே குடித்துவிட வேண்டியதுதான்.

இனி ருசி. பால் காபியில் பால் மூன்று வேலை செய்கிறது. பாலின் இயற்கைச் சர்க்கரை இனிப்பைத் தருகிறது. பாலின் புரதம், நாக்கை வறட்டுகிற துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொள்கிறது. கொழுப்பு கனத்தையும் வழவழப்பையும் தருகிறது. வெண்ணெய் போட்டால் மூன்றாவது மட்டும் முழுதாகக் கிடைக்கும். முதலாவது இல்லை, இரண்டாவது பெயரளவுக்கு. எனவே வெண்ணெய்க் காபி பால் காபி மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பார்வைக்குப் பால் காபி, வாயில் வைத்தால் மெத்தென்ற கடுங்காப்பி. முதல் மடக்கில் கசப்பின் முனை மழுங்கியிருக்கும். ஆனால் கசப்பு போய்விடாது. காஃபீன் பெரும்பாலும் தண்ணீரிலேயே தங்குவதால், விழுங்கிய பிறகு தொண்டையில் அது மெல்லத் தலைகாட்டும். துவர்ப்பு அதிகமான டிகாக்ஷன் என்றால் அந்தத் துவர்ப்பும் அப்படியே இருக்கும். இரண்டாம் டிகாக்ஷனை இதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். பால் மறைத்துவிடும் குற்றத்தை வெண்ணெய் மறைக்காது.

மணத்தில் நடப்பது இன்னும் சுவாரசியம். காபியின் மணப்பொருள்களில் பல, கொழுப்பில் விரும்பிக் கரைபவை. அவை துளிகளுக்குள் புகுந்துகொள்வதால் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனால் கடுங்காப்பி அளவுக்கு மணம் எழும்பாது. குடித்த பிறகு நாக்கில் படியும் கொழுப்பிலிருந்து அவை மெல்ல வெளியேறும். முன்மணம் குறையும், பின்மணம் நீளும். அதனால் டிகாக்ஷனை வழக்கத்தைவிடச் சற்றுத் திக்காக எடுங்கள்.

வெண்ணெயின் மணம் மென்மையானது. பாலாடையும் லேசான புளிப்பும் கலந்தது. காபியின் பின்னால் நிற்கும். நெய் அப்படியல்ல. காய்ச்சும்போது பொன்னிறமான கசண்டின் வறுத்த மணம் அதில் இறங்கியிருக்கும். காபிக்கொட்டையின் மணமும் வறுத்ததால் வந்ததுதான் என்பதால் இரண்டும் ஒரே குடும்பம்போலப் பேசும், சில நேரம் நெய் உரக்கப் பேசிவிடும். வெல்லமும் சேர்த்தால் காபி சர்க்கரைப் பொங்கலின் ஓரத்தில் போய் நிற்கும். பிடித்தவர்களுக்குப் பிடிக்கும். முருங்கை இலையோ வெற்றிலையோ போட்டுக் காய்ச்சிய வீட்டு நெய் சோற்றுக்கு எவ்வளவு நல்லதோ, காபிக்கு அவ்வளவு ஆகாது. அந்தப் பச்சிலை மணம் சூட்டில் கிளம்பிக் காபியை ரசம் பக்கம் இழுத்துவிடும்.

தயிரைக் கடைந்து எடுத்த வீட்டு வெண்ணெயில் மோர் தங்கியிருக்கும். பனிக்கட்டி போட்ட தண்ணீரில் இரண்டு மூன்று முறை பிசைந்து, தண்ணீர் தெளிந்து வரும்வரை அலசிய பிறகே போடுங்கள். இல்லையென்றால் மோரின் புளிப்பு காபியின் புளிப்போடு சேரும். பல நாள் சேர்த்த ஆடையிலிருந்து எடுத்ததென்றால் வேண்டவே வேண்டாம். காறல் துளி இருந்தாலும் சூடு அதை மூக்குக்குத் தூக்கிக் கொடுத்துவிடும். அரை தேக்கரண்டி வெந்நீரில் சிறு துண்டை உருக்கி முகர்ந்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். உப்பு வெண்ணெய் போடலாமா என்றால், தாராளமாக ஒருமுறை முயலுங்கள். 10 கிராமில் உப்பு இரண்டு சிட்டிகைக்கும் குறைவு. உப்பு கசப்பை அடக்கும் என்பதால் கோப்பை மென்மையாகவே தெரியும். ஆனால் சர்க்கரை போடுவதாக இருந்தால் உப்பில்லாததே ஒத்துவரும்.

கொட்டையைப் பொறுத்தவரை, நன்கு கறுக்க வறுத்தது வெண்ணெயோடு சேரும். அதன் கரிப்பும் கசப்பும் கொழுப்பில் மடங்கி, சாக்லெட் சாயல் எழும். லேசாக வறுத்த, பழப்புளிப்புள்ள காபி சேராது. அந்தப் புளிப்பும் வெண்ணெய் மணமும் கூடினால் புளித்த ஆடையை நினைவூட்டும். சிங்கப்பூர், மலேசியாவின் பழைய காப்பிக் கடைகளில் சூடான கோப்பியில் ஒரு துண்டு வெண்ணெய் மிதக்கவிட்டுத் தருவது ‘கோப்பி கு யூ’. அங்கே கொட்டையைச் சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்துக் கறுக்க வறுப்பார்கள், பெரும்பாலும் ரோபஸ்டா. அவ்வளவு முரட்டுக் காபிக்கு வெண்ணெய் பொருந்துகிறது, அடிக்காமலேயே. மேலே மிதக்கும் எண்ணெயைத் தாண்டி உறிஞ்சுவதே அதன் ருசி. எத்தியோப்பியாவின் கிராமப்புறங்களிலும் காபியில் உப்பும் வெண்ணெயும் சேர்க்கும் பழக்கம் உண்டு. நம் பில்டர் பொடியில் சிக்கரி 15, 20 சதவீதம் இருந்தால் நல்லதே. அது தரும் கனமும் கருகிய இனிப்பும், பால் இல்லாத குறையைக் கொஞ்சம் ஈடுகட்டும். அதற்கு மேல் போனால் நெய்யோடு சேர்ந்து பாகு வாசம் தூக்கலாகிவிடும்.

அடிக்காமல் மிதக்கவிட்டுக் குடிப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். எண்ணெய்ப் படலம் ஆவியை அடக்கிவிடும். ஆவி பறக்கவில்லை, ஆறிவிட்டது என்று நினைத்து மடக்கென்று குடித்தால் நாக்கு வெந்துவிடும்.

அடித்த காபியைப் பிளாஸ்கில் ஊற்றி வைக்க வேண்டாம். நிற்க நிற்கப் பிரியும். பிரிந்ததை அடுப்பில் கொதிக்கவைத்தால் துளிகள் மேலும் ஒன்றுசேர்ந்து எண்ணெயாகத் திரளும். லேசாகச் சூடாக்கி மறுபடி அடித்தால் மீளும், மணம் மட்டும் குறையும். கோப்பையில் 40 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் மேல் அண்ணத்தில் மெழுகு பூசியதுபோல இருக்கும். அந்தக் கட்டத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடலாம். ஐஸ் போட்டுக் குளிர்காபியாக்கும் எண்ணமே வேண்டாம்.

மிக்ஸி ஜாரில் அடித்தால் மூடியின் ரப்பர் வளையத்தை முன்னும் பின்னும் பாருங்கள். முன்னால், அதில் ஒளிந்திருக்கும் பூண்டும் சோம்பும் கொழுப்பில் உடனே இறங்கும். பின்னால், அதில் தங்கும் வெண்ணெய் இரண்டு நாளில் காறிப்போகும். பச்சைத் தண்ணீரில் கழுவினால் கொழுப்பு இறுகி இன்னும் ஒட்டிக்கொள்ளும். வளையத்தைக் கழற்றி, வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.